குவாத்தமாலாவில் ஆறு வாரம்

போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டாவது சந்தில், மாட்டுக்கொட்டகையின் கூரை ஒழுகும் இடத்தில் ஒரு பழைய ஃபிளக்ஸ் போர்த்தப்பட்டிருக்கிறது. மழையும் வெயிலும் தின்ற அந்தத் துணியில் ஒரு பெண்ணின் முகம் பாதி தெரியும். பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: ‘குவாத்தமாலா ஏலக்காய்த் திட்டத் தலைவி கார்முகில் அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம். இவண், ஜீப் ஓட்டுநர் நண்பர்கள்.’

அந்த வரி ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போடும் என்று அதை எழுதிய நாளில் யார் நினைத்திருப்பார்கள்!

கார்முகில் பக்கத்துச் சிலமலை ஊர்க்காரி. தாவரவியல் படித்துவிட்டு, போடியில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஏலக்காய்த் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மாதிரி எடுப்பது, சல்லடையில் சலித்துப் பருமன் பிரிப்பது, நிறம் பார்ப்பது, ஈரப்பதம் அளப்பது. மொத்தம் பத்து வருடம் அந்தப் பச்சை வாசனையிலேயே கழிந்தது. புருஷன் சுருளிவேல் போடிமெட்டுப் பாதையில் ஜீப் ஓட்டினான். விடிவதற்கு முன்னால் தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவான். அந்தியில் இறங்குவான். அவர்களுக்கு ஒரு பிள்ளை. அவளுக்கு அவன் மாமன் மகன். அதனால் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் ‘மாமா’தான்.

2019 டிசம்பரில் அந்த நிறுவனம் குவாத்தமாலாவுக்கு மூன்று பேரை அனுப்பியது. உலகத்திலேயே அதிகமாக ஏலக்காய் விளையும் அந்த நாட்டில், ஒரு கூட்டாளி நிறுவனத்தின் கிடங்கில், அந்த ஊர்க் காயை நம் ஊர்க் காயோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்துப் பார்க்கும் சோதனை வேலை. தலைவர் அருள்பாண்டி. கூட ஓர் இயந்திரக்காரர். மூன்றாவது ஆள் கார்முகில். அவள் சோலி சல்லடையும் மாதிரிப் பையும்தான்.

விஷயம் தெரிந்ததும் சுருளிவேலின் நண்பர்கள் சும்மா இருப்பார்களா? சேக்காளி கன்னையனின் கணினிக் கடையில் ஃபிளக்ஸ் அடித்து பஸ் நிலையத்தில் கட்டிவிட்டார்கள்.

“என்னண்ணே, தலைவின்னு போட்டிருக்கீங்க? நான் கூடப் போற ஆளுதான்” என்று கார்முகில் பதறினாள்.

“அட விடு தங்கச்சி. கூடப் போற ஆளுக்கு யாரு ஃபிளக்ஸ் வைப்பா?” என்று சிரித்தான் கன்னையன். “எங்க மாப்ளே சுருளிக்கு நாலு பேரு மத்தியில ஒரு கெத்து வேணாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள்.

அவள் போன நான்காவது வாரம், மார்கழி மூடுபனியில், போடிமெட்டு வளைவில் ஒரு லோடு லாரியும் சுருளிவேலின் ஜீப்பும் மோதிக்கொண்டன. ஏறியிருந்தவர்கள் காயத்தோடு தப்பினார்கள். சுருளிவேலின் வலது கால் மட்டும் நசுங்கிப்போனது. முழங்காலுக்கு மேலே எடுத்துவிட வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன்பு அவன் சொன்னது ஒன்றுதான்:

“முகிலுக்கு யாரும் சொல்லக் கூடாது. அவ பெரிய சோலியாப் போயிருக்கா. பாதியில வந்துரக் கூடாது.”

யாரும் சொல்லவில்லை. தினமும் போனில் “ஜீப்புல இருக்கேன் புள்ள, அப்புறம் பேசுறேன்” என்று கட்டிலில் படுத்தபடி அவனே சொன்னான். ஆறு வாரம் முடிந்து, பிள்ளைக்குச் சாக்லேட்டும் அவனுக்கு ஒரு தொப்பியும் வாங்கிக்கொண்டு அவள் வாசலில் இறங்கினாள். கட்டிலில் அவன் போர்த்தியிருந்த போர்வை ஒரு பக்கம் மட்டும் பள்ளமாக இருந்தது. அவள் போட்ட கூச்சல் தெருவையே கூட்டியது.

அடுத்து கொரோனா வந்தது. குவாத்தமாலாத் திட்டம் அப்படியே நின்றுபோனது. அந்த வருடத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஃபிளக்ஸ் மட்டும் கழற்றப்பட்டு வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனது.

போன தை மாதம் அந்த நிறுவனம் போடிக் கிடங்கை மூடிவிட்டுக் கொச்சிக்குப் போய்விட்டது. கார்முகிலின் வேலையும் போனது. தேனிப் பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு மசாலா நிறுவனம் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாளர் தேடியது. வீட்டிலிருந்து போய்வரும் தூரம். சுருளிவேலை இரவில் தனியே விட வேண்டியதில்லை. அவளுக்குத் தெரிந்து அப்படி ஒரு வேலை இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு இல்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து பயோடேட்டா எழுதினாள். பத்து வருட வேலை சுலபமாக வந்தது. அந்த ஆறு வாரம்தான் வரவில்லை. எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் ஆங்கிலத்தில் ஒரே வரியாக, பழைய நிறுவனத்தின் பெயருக்குக் கீழேயே வைத்தாள். அதன் பொருள் இது: ‘இதில் ஆறு வாரம், டிசம்பர் 2019 முதல் ஜனவரி 2020 வரை, குவாத்தமாலாவில் மூவர் குழுவில் ஒருவராக, ஏலக்காய் மாதிரிகளைத் தரம் பிரித்து ஒப்பிடும் சோதனைப் பணியில் உதவினேன்.’

சுருளிவேலுக்கு வாசித்துக் காட்டினாள். அவன் முகம் கறுத்தது.

“உதவினேனா?”

“ஆமா மாமா. அதான செஞ்சேன்.”

“அம்புட்டுதானா?” அவன் ஊன்றுகோலைத் தரையில் தட்டினான். “கூடமாட உதவப் போனவளுக்காடி நான் காலு போனதக்கூடச் சொல்லாமக் கெடந்தேன்?”

அவள் உள்ளே போய் அழுதாள். ஆனால் வரியை மாற்றவில்லை. மறுநாள் காலை கன்னையனிடம் கொடுத்து, “அண்ணே, இதை அப்படியே அடிச்சு அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்ருங்க. நான் பிள்ளையை ஸ்கூலுக்கு விடணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் சந்து திரும்புவதற்குள் சுருளிவேலின் போன் கன்னையனுக்கு வந்துவிட்டது.

“மாப்ளே, அந்த குவாத்தமாலா வரிய மட்டும் மாத்து. நம்ம ஃபிளக்ஸுல என்ன போட்டோம்?”

“திட்டத் தலைவின்னு போட்டோம்டா.”

“அதையே போடு. தனி வேலையா மேல போடு. மாசமெல்லாம் வேணாம், வருசம் மட்டும் போடு.”

அப்படித்தான் ‘2019–2020: குவாத்தமாலா ஏலக்காய்த் திட்டத் தலைவர்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி பிறந்தது. ஆறு வாரம் இரண்டு வருடம் போல நின்றது. உதவிக்குப் போனவள் தலைவராக நின்றாள்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. சுருளிவேல் அவளுக்கு வெள்ளையில் நீலக்கரை போட்ட சேலையை எடுத்துக் கொடுத்தான். “வெரசாக் கெளம்பு. பஸ்சு போயிரும்” என்று குழந்தைபோலச் சிரித்துப் பரபரத்தான். அவன் அப்படிச் சிரித்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

அந்த நிறுவனத்தின் தர மேலாளர் அன்புச்செல்வன் நிதானமான மனிதர். ஈரப்பதம், நிறம், கலப்படம் என்று கேட்டார். அவள் தயங்காமல் சொன்னாள். அவர் தலையசைத்துக்கொண்டே வந்து, தாளின் மேல்பக்கத்தில் விரலை வைத்தார்.

“குவாத்தமாலாவுல ரெண்டு வருசம் தலைமை. உங்களுக்குக் கீழ எத்தனை பேரும்மா? அந்தத் திட்டத்துல முடிவு எடுத்தது நீங்கதானா?”

கார்முகில் தாளை வாங்கிப் பார்த்தாள். தலைவர். ஃபிளக்ஸில் இருந்த அதே பட்டம். யார் விரல் இதைத் தொட்டது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ‘என் புருஷன் மாத்திட்டார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பிக்கலாம். கட்டிலில் பள்ளமாகக் கிடந்த அந்தப் போர்வை நினைவுக்கு வந்தது.

“சார், இந்த வரி தப்பு” என்றாள். “ரெண்டு வருசம் இல்ல, ஆறு வாரம். தலைமை அருள்பாண்டி சார். நான் மாதிரி பிரிச்சுக் குடுத்தேன். அங்க இருந்த பொண்ணுகளுக்கு நம்ம ஊரு சல்லடை முறையக் காட்டினேன். அவ்வளவுதான்.”

“பின்ன எப்படி இப்படி வந்துச்சு?”

“அனுப்புறதுக்கு முன்ன நான் படிச்சுப் பாக்கல சார். என் தப்பு.”

அன்புச்செல்வன் கண்ணாடியைக் கழற்றினார்.

“அருள்பாண்டி எனக்குத் தெரிஞ்சவர்தான். நேத்து போன்ல கேட்டேன். ‘கூட வந்த பொண்ணு, தங்கமான வேலைக்காரி, ஆனா தலைவர் இல்லையே’ன்னார். நீங்களே சொல்றீங்களான்னு பார்க்கத்தான் கேட்டேன்.”

அவள் தலை குனிந்தது.

“நாங்க குவாத்தமாலாக் காயை வாங்கிக் கலக்கப் போறோம்மா. அந்தக் காயைக் கையில தொட்டுப் பிரிச்ச ஆளு இந்தப் பக்கம் கெடைக்கிறதே அபூர்வம். எனக்கு அந்த ஆறு வாரம் போதும். அதை அப்படியே போட்டிருந்தா இன்னைக்கே ஆர்டர் குடுத்திருப்பேன்.” அவர் தாளை மடித்தார். “ஆனா இங்க உங்க கையெழுத்துல ரிப்போர்ட் போகும். அதைப் பார்த்துத்தான் சரக்கு கப்பல் ஏறும். எங்க ஹெட் ஆபீஸுல இந்தத் தாளைப் பார்த்துட்டாங்க. நான் எப்படிம்மா பேசுவேன்?”

அவள் கும்பிட்டுவிட்டு எழுந்தாள். நாற்காலியை இழுக்கும் சத்தம்கூட அவளுக்கு யாரோ அழுவதுபோலக் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. சுருளிவேல் வாசலிலேயே ஊன்றுகோலோடு நின்றான்.

“என்னாச்சு புள்ள?”

அவள் செருப்பைக் கழற்றினாள். “கெடைக்கல மாமா.”

“ஏன்? அவ்வளவு பெரிய…” என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அந்த முகத்திலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“நான் மாத்துனேன்னு சொன்னியா?”

“இல்ல.”

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். தோள்கள் குலுங்கின. கால் போன நாளில்கூட அழாதவன் அவன்.

“எங்காலு ஒரு பெரிய காரியத்துக்காகப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டாத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு முகிலு. இல்லன்னா அது சும்மா போனதா ஆயிரும்ல?”

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “சும்மாதான் போச்சு மாமா” என்றாள். “அது என் சோலியாலயும் போகல, எனக்காகவும் போகல. பனியில போச்சு.”

பிறகு சுருளிவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

“மாப்ளே கன்னையா. அந்தத் தாள எடு. அந்தத் தலைவர அழி. அழின்னா அழிடா. நான் சொல்றேன், அடி. ஆறு வாரம். மாசத்தையும் போடு. மூணு பேருல ஒரு ஆளு. மாதிரி பிரிக்கிறதுக்கு…” அவன் குரல் ஒரு கணம் நின்றது. “உதவினேன்னு போடு.”

அந்தத் தாள் இனி எந்த நிறுவனத்துக்குப் போகும் என்று இருவருக்கும் தெரியவில்லை. கொட்டகைக் கூரையில் ஃபிளக்ஸின் மேல் மழை சடசடத்தது. கன்னையன் திரும்ப வாசித்துக் காட்ட, சுருளிவேல் போனைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். வரி சரியாக இருந்தது. அவனுடைய கால் அதில் எங்கேயும் இல்லை.