ஆடிக் கல்யாணத்துக்கு ஓர் இதயக்கண்

பழைய படங்களைத் தேதியோடு போனில் ஸ்டோரியாகப் போடுவது என் வழக்கம். காவிரிப் பாலத்தடியில் வெள்ளம் ஏறி நின்ற காலை, பள்ளிபாளையம் தறிக்குடோன் வாசலில் பாவு நூல் காய்ந்த மத்தியானம், இப்படி. மாதமும் கிழமையும் சரிபார்க்காமல் எதையும் போட்டதில்லை.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு நண்பன் காரணம். திருச்செங்கோட்டுக்காரன், கல்லூரியில் என்னோடு படித்தவன். என் தேதிகளில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவனுடைய அன்பு. "அது புதன் இல்லடா, வியாழன். அன்னிக்குச் சந்தை இருந்துச்சு, நீ முறுக்கு வாங்கித் தின்னுட்டுக் காசு என்னைக் குடுக்க வெச்ச" என்று பத்து வரி எழுதி அனுப்புவான். அதில் திருத்தம் ஒரு வரி, மீதி வம்பு.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளோடு அவன் வடக்கே போன பிறகு அந்தப் பத்து வரி ஐந்தானது, பிறகு ஒன்றானது, கடைசியில் ஒற்றைப் படமானது. ஸ்டோரிக்குக் கீழே எழுதுவதற்காக இருக்கும் கட்டத்தைத் தொட்டால் எட்டுப் படங்கள் எழும்பும்: சிரிப்பு, வியப்பு, இதயக்கண், அழுகை, கைதட்டல், தீ, கொண்டாட்டம், நூறு. ஒன்றைத் தட்டினால் போதும். அது திரையில் மிதந்து மறையும். மறுகணம் என் தனிச்செய்திப் பெட்டியில் வந்து விழும். வெறும் விருப்பக்குறி என்றால் பார்த்தவர்கள் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இதயமாக ஒதுங்கிக் கிடக்கும். இது அப்படியில்லை. செய்தி வந்தது போலவே போன் மணியடிக்கும். அவன் பெயரைப் பார்த்ததும் ஆசையோடு திறப்பேன். தீ. மறுநாள் கைதட்டல். ஒருநாள் கழித்து ஸ்டோரி மறைந்துவிடும், அவன் தட்டியது மட்டும் நிற்கும். எங்கள் உரையாடலை மேலே தள்ளிப் பார்த்தால் எதற்கென்று தெரியாத தீயும் கைதட்டலுமாக நீள்கிறது.

வெள்ளத்தில் மாடுகள் போன படத்துக்கும் தீ வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. இவன் படிக்கிறானா?

அதைத் தெரிந்துகொள்ள என் வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டுமென்றே ஒரு தேதியைத் தப்பாகப் போட்டேன். அவனுடைய கல்யாணப் படம். மாலையோடு அவன், பக்கத்தில் ஒட்டிய கன்னத்தோடு நான். நடந்தது வைகாசியில். கீழே பெரிய எழுத்தில் எழுதினேன்: "ஆடி மாதம், நண்பனின் கல்யாணம்."

முதலில் வந்தது நான் நேரில் பார்த்தேயிராத ஓர் அம்மாவின் பதில். எடப்பாடியில் தறி ஓட்டுகிறவர்.

"ஏனுங்க, ஆடியில எந்தூர்லீங்க கல்யாணம் பண்றாங்க? கட்டிக் குடுத்த புள்ளையவே அந்த மாசம் ஆத்தா ஊட்டுக்குக் கூட்டியாந்துருவாங்க. மாப்பள ஊட்டுக்காரங்க சும்மாவா உட்டாங்க? நல்லாப் பாத்துப் போடுங்க சாமி."

வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த மணி அடித்தது. மாப்பிள்ளையே.

இதயக்கண்.

அன்று மாலையே அவனைக் கூப்பிட்டேன். பின்னால் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது.

"உனக்கு எந்த மாசம்டா கல்யாணம் ஆச்சு?"

"வைகாசி. என்றா, குடிச்சிருக்கியா?"

"ஆடின்னு போட்டிருந்தேன். ஆர்ட்டினும் உட்டுட்டியே."

கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே கத்தினான்.

"படத்தப் பாத்தேன். நம்ம மூஞ்சியப் பாத்ததும் தட்டிட்டேன். எழுத்தையெல்லாம் ஆருடா படிக்கறா? உன்ற ஸ்டோரிக்கு ஒருநாளாச்சும் ஒண்ணு போடாம உட்டிருக்கேனா, சொல்லு."

"போடற. பேசறியா?"

"நீ மட்டும்? ஊருக்கெல்லாம் சேத்துப் போடறத எனக்குந்தான் காட்டற. எனக்குன்னு என்னிக்கு ஒரு வார்த்த எழுதுன? சரி சரி, வண்டி கெளம்புது, வையி."

அந்தக் கேள்வி தைத்தது. அதனால் எழுதினேன், அவனுக்கு மட்டும். கல்யாணத்தன்று மண்டபத்தில் மின்சாரம் போய், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவன் தாலி முடிச்சைத் தேடியது. அவன் அம்மாவின் மூட்டுவலி இப்போது எப்படி. ஊருக்கு எப்போது வருகிறாய். பத்து வரிக்கு மேல் வந்தது. முருங்கைக்காய் சாம்பார் வரை நினைவுபடுத்தியிருந்தேன்.

பார்த்துவிட்டான் என்று காட்டியது. பதிலுக்காகத் திரையை அணைக்காமல் வைத்திருந்தேன். என் செய்தியின் அடிமூலையில் சின்னதாக ஒரு சிவப்பு இதயம் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். அம்மாவின் மூட்டுக்கும் அதே இதயம், எப்போது வருகிறாய் என்பதற்கும் அதே இதயம்.

அமைப்புகளில் ஸ்டோரியைக் குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து மறைக்க வழியிருக்கிறது. மறைக்கப்பட்டவருக்கு அது தெரிவிக்கப்படாது. அவன் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். கேட்பான் என்றுதான் செய்தேன், அதை இங்கே ஒளிக்க வேண்டியதில்லை. "ஏன்டா ஒண்ணும் போடறதில்ல, ஒடம்புக்கு என்ன?" என்று ஒரு வரி வந்தால் அந்தக் கணமே திறந்துவிட்டிருப்பேன்.

வைகாசி முடிந்தது, ஆனியும் போனது. அவன் திரையின் உச்சியில் வரிசையாக நிற்கும் வட்டங்களில் என்னுடையது இல்லை. அடுத்த வட்டத்தைத் தட்டிக்கொண்டு போயிருப்பான்.

இன்று ஆடி முதல் நாள். எடப்பாடி அம்மா எழுதியிருக்கிறார்: "ஏனுங்க, உங்க சிநேகிதரு இந்த ஆடியிலயும் ஒரு கல்யாணம் பண்றாருங்களா?"

அவர் செய்திக்குக் கீழே சிரிக்கும் முகம் ஒன்றைத் தட்டினேன்.