நாலாவது ஸ்லைடை வெட்டாதே

எம்.ஏ. படிக்கும்போது உலகமயமாக்கலும் உழைப்பும் பற்றி வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. ஆறு ஸ்லைடு தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் பேச வேண்டியதை எழுதிக்கொண்டேன். இரும்புலியூர் வீட்டிலிருந்து வீடியோ காலில் ஒத்திகை பார்த்தேன். கேட்டவர் என் கணவர். தோஹாவில் ஏசி மெக்கானிக்.

"நேரம் தாண்டிடுச்சு. நாலாவதுல ரொம்ப இழுக்கிற," என்றார்.

சரக்கும் முதலீடும் சுலபமாக எல்லை தாண்டுகின்றன, தொழிலாளிக்கு விசா வேண்டும், குடும்பத்தை அழைத்துக்கொள்ள அதற்கேற்ற சம்பளமும் வேண்டும் என்பதே நாலாவது ஸ்லைடு.

"அப்போ குடும்ப விசாவை எடுத்துடவா?"

"வேணாம். அது இருக்கட்டும். ரெண்டாவதுல பழைய வரலாறு நிறைய இருக்கு, அதைக் குறை."

குறைத்தேன். வகுப்பில் சரியான நேரத்தில் முடித்தேன். நாலாவது ஸ்லைடு வந்தபோது மட்டும் என் கண் கடைசி பெஞ்சுக்குப் போய்வந்தது. அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

சாயங்காலம் அவர் அழைத்தார். "எல்லாரும் கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க. நீங்க இருந்திருக்கணும்."

"ரூம்ல கூட இருக்கறவங்க யாரும் இப்ப இல்ல," என்றார். "முதல்லேருந்து பேசு. நான் கேக்கறேன்."

போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, எழுந்து நின்று பேசத் தொடங்கினேன்.