ஃப்ரீசர் பாக்ஸ் நிதி: ஒரு திருத்தம்

கொரட்டூரில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். சம்பளமில்லாத வேலை, ஏச்சு மட்டும் உண்டு. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவர் உடலை வைத்திருக்க, சங்கத்துக்கே ஒரு ஃப்ரீசர் பாக்ஸ் வாங்க நிதி திரட்டினோம். செய்திமடலில் நான் கொடுத்த மொத்தத் தொகை ஐம்பதாயிரம் கூடுதலாக இருந்தது.

பாஸ்புக்கைப் பார்த்த செயலாளர், "இன்னா சார், பேங்க்ல அவ்ளோ இல்லியே?" என்றார்.

அடுத்த இதழுக்குத் திருத்தம் எழுதினேன்: "தருவதாகச் சொன்ன ஒரு நன்கொடை, வந்துவிட்டதாகத் தவறுதலாகச் சேர்க்கப்பட்டது. பொறுப்பு என்னுடையது."

"யாருனு போடுங்க சார், மறுநாளே பணம் வந்துடும்" என்றார் செயலாளர்.

"போட முடியாது!" என்று கத்திவிட்டேன்.

மற்ற எல்லோருக்கும் பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் ரசீது எழுதினேன். கனடாவிலிருக்கும் என் மகன் போனில் "போட்டுடறேன்பா" என்றதும், இவனுக்கு மட்டும் அன்றே எழுதிவிட்டேன். அதன்பிறகு கூப்பிட்டால் எடுப்பதில்லை.

எப்படியும் பெட்டி வந்துவிடும். அந்தப் பெட்டிக்குள்ளும் அவனுக்காகக் காத்துக் கிடக்கப்போகிறவன் நான்தான்.