வலப்பக்கம் ஓடிய நீலம்

ஒரு மோட்டாரின் இரண்டு வயர்களை நான் வேண்டுமென்றே மாற்றிப் போட்டேன். ஆராய்ச்சிக் கப்பலில் சக ஆசிரியை ஒருவருக்குக் கிடைக்கவேண்டிய இடம் அதனால் பறிபோனது. அப்போது கள்ளக்குறிச்சிக் கல்லூரி ஒன்றில் நான் இயற்பியல் துறைத் தலைவர். வயது ஐம்பத்தேழு. குழந்தைத்தனம் என்று தப்பிக்க முடியாது.

கோபத்துக்குக் காரணம் ஒரு பஸ். சூடான பெரிய நீரோட்டங்கள் ஏன் கடலின் மேற்கு ஓரத்தை ஒட்டியே ஓடுகின்றன என்பதற்கு வருடக்கணக்காக ஓர் உதாரணம் சொல்லிவந்தேன். தியாகதுருகம் பஸ் திடீரென்று கிளம்பினால் எல்லோரும் பின்னால் சாய்கிறோம் அல்லவா? பூமி கிழக்கே சுழல்வதால் தண்ணீரும் அப்படி மேற்கே சாய்கிறது என்பேன். மாணவர்கள் கைதட்டுவார்கள். மணலூர்பேட்டையிலிருந்து வந்துபோன அந்த ஆசிரியை ஒருநாள் என் வகுப்பைக் கேட்க வந்து, கடைசி பெஞ்சிலிருந்து கேட்டார்.

“சார், பஸ்ஸு கெளம்பறப்போதான சாய்வோம்? பூமி ஒரே வேகத்துல சுத்திக்கினு இருக்குது. இன்னும் இன்னாத்துக்கு சார் சாயணும்?”

வகுப்பே சிரித்தது. அவரே விளக்கமும் சொன்னார். சுழலும் பூமியில் ஓடும் நீர் வட பாதியில் வலப்பக்கமும் தென் பாதியில் இடப்பக்கமும் விலகும். நிலநடுக்கோட்டில் அந்த விலக்கம் இல்லை. துருவத்தை நோக்கிப் போகப்போக அது கூடும். எங்கும் ஒரே அளவாக இருந்தால், காற்று கிளப்பும் பெருஞ்சுழல் நடுக்கடலில் சமமாக நிற்கும். கூடிக்கொண்டே போவதால் சுழல் மேற்கே ஒதுங்குகிறது. மற்ற இடமெல்லாம் அகலமாக, மெதுவாக நகரும் நீர், மேற்குக் கரையோரம் குறுகி விரைகிறது. வெப்ப மண்டலத்திலிருந்து துருவப்பக்கம் திரும்புவதால் அது சூடாகவும் இருக்கிறது.

சரியான விளக்கம். அதனால்தான் எனக்கு எரிந்தது.

வங்காள விரிகுடாவின் மேற்கு ஓரம் நம் கரைதான். ஆண்டின் முதல் மாதங்களில் அங்கே வடக்கு நோக்கி விரையும் நீரோட்டத்தை அளக்க ஒரு கப்பல் கிளம்பவிருந்தது. அதில் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு இடம் உண்டு. ஆளைத் தேர்ந்தெடுக்கச் சென்னையிலிருந்து இரண்டு கடலியலாளர்கள் வந்தார்கள். ஆசிரியை அவர்களுக்காகவே ஒரு சுழல்தொட்டி செய்திருந்தார். சுழலும் பலகைமேல் சதுரக் கண்ணாடித் தொட்டி. அடித்தளம் சரிவாக இருக்கும். ஆழம் குறைந்த பக்கம் வட துருவத்துக்குச் சமம்; திரையில் அது மேலே தெரியும். காற்றுக்குச் சின்ன விசிறிகள். மேலே தொட்டியோடு சேர்ந்து சுழலும் கேமரா.

கேமராவும் கூடச் சுழல்வதால் திரையில் தொட்டி அசையாமல் தெரியும். அறைக்காற்று படாமலிருக்கச் சுற்றிலும் அட்டை மறைப்பு வேறு. எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதை எட்டிப் பார்த்தால் மட்டுமே அறியலாம். அவர் விருந்தினரை அழைக்கப் போன நேரத்தில் வயர்களை மாற்றினேன். அவர்களோடு திரும்பிய ஆசிரியை ஸ்விட்சைப் போட்டார். பேச்சில் முக்கால் மணி போனதும் நீலச் சாயம் விட்டார். அழகான, மெல்லிய, வேகமான ஓட்டம். ஆனால் திரையின் வலது ஓரத்தில்.

“இது கிழக்குக் கரையாச்சே மேடம்?” என்றார் கடலியலாளர்களில் மூத்தவர்.

“காத்தால கூட லெப்ட்லதான் சார் வந்துச்சு…” என்று ஆசிரியை திரையருகே குனிந்தார்.

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பலில் வேறொருவர் போனார். மறுநாள் காலையே வயர்களைப் பழையபடி மாட்டிவிட்டேன். அதன்பின் சாயம் இடப்பக்கமே ஓடினாலும், அன்று சரிவில்தான் பிழை என்று நம்பி அவர் தொட்டியைப் பிரித்துப் பிரித்துக் கோர்த்தார். ஒரு மாலை தரையில் உட்கார்ந்து, சரிவை அளக்க ரசமட்டம் வைத்துக்கொண்டு, “எனக்கே ஒண்ணும் தெரில போலக்குது சார்” என்றார். என் பஸ் உதாரணத்தையே மடக்கியவர் அப்படிப் பேசியதை என்னால் தாங்க முடியவில்லை. வயர்களை மாற்றியதை அங்கேயே சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. பலகையைக் கையால் எதிர்த்திசையில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு, “அப்போ அது தென் பாதி!” என்று கத்தினார். “தொட்டி ரிவர்ஸ்ல சுத்துனா ஆழங்கம்மி பக்கம் தென் துருவம் சார். அதை மேல வெச்சுப் பாத்தா மேற்கு வலது கைப்பக்கம். தொட்டி கரெக்டாதான் காட்டிக்கீது!”

நான் செய்த துரோகத்திலும் இயற்கை தவறவில்லை. அதைப் பிடிக்க அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நடந்ததை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டு இரு கடலியலாளர்களுக்கும் அனுப்பினேன். கல்லூரி என் தலைமைப் பதவியை எடுத்துக்கொண்டது. என் வகுப்பில் நின்று பஸ் உதாரணம் தப்பு என்று சொன்னேன். இந்த முறை கைதட்டல் அதிகம். அந்த வருடக் கப்பல் போனது போனதுதான். அடுத்த வருடம் அவரை அழைத்தார்கள்.

திரும்பி வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“மூணு நாளு ஒரே வாந்தி சார். நாலாம் நாளு கப்பலு நின்ன எடத்துல நிக்காம வடக்க இழுத்துக்கினு போவுது. அப்பதான் சார் சிரிச்சேன்.”

என்னை மன்னித்தாரா என்று கேட்கத் துணிவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் புதுச் சோதனை காட்ட என்னைக் கூப்பிடுகிறார். நான் உள்ளே நுழைந்ததும், மோட்டார் வயர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உதவியாளரிடம் சத்தமாகச் சொல்கிறார்: “சாருக்கு டீ குடுங்க. ரெண்டு கையிலயும் புடிச்சிக்கிற மாரி பெரிய டம்ளர்ல குடுங்க.”