மாதம் பிறப்பதற்குள்

தை மாதத்தின் கடைசி நாள். நெல் விற்ற முந்நூற்றுப் பத்து ரூபாயுடன் குஞ்சிதபாதம் பூவத்திலிருந்து காரைக்காலுக்குக் கிளம்பினான். தபால் ஆபீஸில் சேமிப்புப் பத்திரம் வாங்கப் போகிறானாம். அவனுடைய கல்யாணத்துக்காக அடகு வைத்த அக்காள் பங்கஜவல்லியின் சங்கிலி முந்நூறு ரூபாய்க்கு இரண்டு வட்டியில் கிடந்தது. பங்கஜவல்லியும் கூடவே நடந்தாள்.

"கடனை மெல்லக் கட்டலாங்க்கா. பணம் அங்க வளரட்டும்."

"முந்நூறுக்குப் பத்திரம் வருஷத்துக்கு என்ன தரும்?"

"பன்னெண்டு ரூபா."

"அடகுக்கடைக்கு நீ தர்றது?"

அவன் விரல்விட்டு எண்ணினான். "மாசம் ஆறு... எழுபத்திரண்டு."

"கெட்டிக்காரன்தான்!"

"சங்கிலி மேல கண்ணு உனக்கு."

"நாலு வருஷமா வெறுங்கழுத்தோட இருக்கேன், இன்னும் இருப்பேன். ஆனா நாளைக்கு மாசி பொறந்தா, ஒரு நாளுக்கும் முழு மாச வட்டி கேப்பான்."

குஞ்சிதபாதம் நடையை எட்டிப் போட்டான். அசல் முந்நூறும் தை மாத வட்டி ஆறும் கொடுத்துச் சங்கிலியை மீட்டான். மிச்சம் நாலு ரூபாயில் தபால் ஆபீஸில் சேமிப்புக் கணக்குத் தொடங்கினான். மாசியிலிருந்து மாதம் ஆறு ரூபாய் அதில் ஏறியது.

தம்பி கணக்கில் புலி என்று பங்கஜவல்லி ஊரெல்லாம் சொன்னாள்.