டிகிரிக்கு ஒரு சதவீதம்

டிசம்பரில் பாப்பாரப்பட்டி சாலையில் ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓடிப் பழகியிருந்தேன். காலையில் பதினெட்டு டிகிரிதான் இருக்கும். மே மாதம் தர்மபுரியில் நடந்த இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் அதே வேகம் என்று முடிவு செய்திருந்தேன். என்னோடு ஓடுகிறவள் அரசு மருத்துவமனை செவிலியர். என்னைவிட ஏழு வயது இளையவள்.

முந்தின நாள் மழை பெய்தது. விடியற்காலையில் காற்று கொஞ்சம்கூட அசையவில்லை. தொடங்கும் இடத்தில் அவள் செல்போனைப் பார்த்தாள்.

"அக்கா, இப்பவே இருபத்தாறு. முடிக்கறப்ப முப்பது ஆயிடும். நடுவுல இருபத்தெட்டுன்னு வெச்சுக்கங்க. டிசம்பரவிட பத்து டிகிரி ஜாஸ்தி. வறண்ட காத்தா இருந்தா டிகிரிக்கு அரை சதவீதம் வேகத்தக் கொறைச்சா போதும். இந்த ஈரத்துல வேர்வை காயாது, ஒடம்பு ஆறாது. டிகிரிக்கு ஒண்ணுன்னு போட்டுக்கலாம். ஆறு நிமிஷத்துக்குப் பத்து சதவீதம், முப்பத்தாறு செகண்ட். ஆறு முப்பத்தாறுல போலாங்க்கா."

"அது சும்மா குத்துமதிப்புக் கணக்கு" என்றேன். பள்ளியில் கணக்கு நடத்துகிறவள் நான்.

"குத்துமதிப்புதான்" என்று ஒப்புக்கொண்டாள். அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

என் ஆறு நிமிட வேகத்திலேயே ஓடினேன். பத்து கிலோமீட்டர் வரை எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. அவளை எங்கோ பின்னால் விட்டுவிட்டேன் என்ற சந்தோஷம்கூட இருந்தது. பன்னிரண்டைத் தாண்டியதும் தலை விண்ணென்று வலித்தது. கொட்டுகிற வியர்வையிலும் கைகளில் மயிர் சிலிர்த்து நின்றது. பதின்மூன்றாவது கிலோமீட்டர் பலகைக்கு அருகே, புளியமரத்தடியில் உட்கார்ந்தேன், விழவில்லை.

ஆறு நிமிடம் கழித்து அவள் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். பெயரைக் கேட்டாள், கிழமையைக் கேட்டாள். இரண்டையும் சரியாகச் சொன்னேன். தண்ணீர் மேசையிலிருந்த பாட்டில்களைக் கொண்டுவந்து கழுத்திலும் அக்குளிலும் ஊற்றி, நம்பர் அட்டையைக் கழற்றி விசிறினாள்.

"நீ போ, உன் நேரம் போவுது" என்றேன்.

"பேசாம படுங்கக்கா."

ஆம்புலன்ஸ் வரப் பத்து நிமிடம் ஆனது. அதில் என்னை ஏற்றிவிட்டு மறுபடி ஓடப் போனாள்.

இரண்டு மணி இருபத்தொன்பது நிமிடத்தில் முடித்தாள். முதலுதவிக் கூடாரத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்துக்கொண்டிருந்த என்னிடம் அவளே சொன்னாள். பத்து நிமிடத்தைக் கழித்தால் அவள் சொன்ன வேகம் அப்படியே வந்தது.

"கடைசில கொஞ்சம் வேகமா ஓடி நேரத்தப் புடிச்சிருக்கலாமே?"

"ஓடியிருந்தா நானும் இங்கதான் படுக்கணும். அப்ப இன்னும் வெயில் ஏறிப்போச்சுங்க்கா."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றியது; கேட்கவில்லை. இன்னொரு டம்ளர் கரைசல் கொடுத்தாள், குடித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இண்டூர் வரை சேர்ந்து ஓடினோம். அன்று எவ்வளவு குறைக்க வேண்டும் என்று நான்தான் கணக்குப் போட்டேன். ஐந்து செகண்ட் தப்பாகப் போட்டிருந்தேன், திருத்தினாள்.