ஐந்தாம் அடுக்கின் குறிகள்

அந்த எஸ்டேட் மாணவி பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதினாளா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மலேசியாவின் திகாம் பத்துவில் கைக்குழந்தையுடன், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ வகுப்பு மாணவிகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். (x − 2)⁵ விரிவுக்கு அவளும் பக்கத்தில் இருந்தவளும் பாஸ்கல் முக்கோணத்தின் 1, 5, 10, 10, 5, 1 வரிசையைச் சரியாக எடுத்திருந்தார்கள். குறிகளில் மட்டும் இருவருக்கும் ஒரே தவறு: +, −, +, +, −, +.

“பார்த்துத்தானே எழுதின?” என்று எஸ்டேட் மாணவியிடம் கேட்டேன்.

“இல்ல டீச்சர், நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன்லா.”

நம்பாமல் அவள் தாளைக் கிழித்தேன். மறுவாரம் அவள் வரவில்லை.

‘பாதி எழுதி, மீதியைத் திருப்பிப் போடலாம்’ என்று நான்காம் அடுக்கை வைத்துக் காட்டியது நான்தான். நான்கில் குறிகளும் அப்படியே திரும்பும். ஐந்தில் எண்கள் மட்டுமே திரும்பும். குறிகள் மாறி மாறித்தான் வரும். இதை நான் சொல்லவில்லை.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. பரீட்சை நெருங்குகிறது. நானே அவள் வீட்டுக்குப் போய்க் கூப்பிடலாமா? நீங்கள் சொல்லுங்கள்.